வெறும் ராஜா

கண்ணாடிக் கடையில் அவளுக்கு நல்ல பெயர். லென்ஸ் வகைகளைப் பற்றி மற்றவர்கள் பத்து நிமிடம் விளக்குவதை அவள் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். "இது தூரத்துக்கு, இது படிக்கிறதுக்கு. படி இறங்கறப்ப மட்டும் கீழ்ப்பாதி வழியாப் பார்க்காதீங்க." வாடிக்கையாளர் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டப் போவார். அவருக்குச் சொல்லாமல் விட்டவை எவ்வளவோ இருக்கும். அவற்றை அவர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்பது அவளுடைய கணிப்பு. பதினாறு வருடங்களில் அந்தக் கணிப்பு பெரிதாகத் தவறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சதுரங்க நடுவர். சிறுவயதில் ஆடியவள்தான், ஆனால் சுமாரான ஆட்டக்காரி. அதை இருபது வயதிலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆட்டத்தைவிட அதன் விதிகள் அவளுக்குப் பிடித்திருந்தன. நடுவர் தேர்வில் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினாள். பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகள் அவளைக் "கொடியக்கா" என்று கூப்பிட்டார்கள். பழைய முள் கடிகாரங்களில் நேரம் தீரும்போது ஒரு சின்னச் சிவப்புக் கொடி விழும். இப்போதைய கடிகாரங்களில் பூச்சியங்களும் ஓரத்தில் ஓர் அடையாளமும்தான் தெரியும். ஆனாலும் எல்லோரும் கொடி விழுந்தது என்றுதான் சொல்கிறார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள், அடிக்கடி சொல்வாள். அதனால் வந்த பெயர்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. தங்கை வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்குவதாகத் தங்கை புலம்புவாள். இருந்தாலும் காலையில் நடுவர் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பதும் தங்கைதான்.

அந்த ஞாயிறு போட்டி ஒரு பள்ளியின் சாப்பாட்டு அறையில் நடந்தது. நீள மேசைகளை ஒட்டிப் போட்டுப் பலகைகள் வைத்திருந்தார்கள். பதினொரு வயதுக்கு உட்பட்ட இருபத்து நான்கு பிள்ளைகள், ஆறு சுற்றுகள், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடம். முதல் நான்கு பேர் அடுத்த கட்டப் போட்டிக்குப் போவார்கள். பெற்றோர் எல்லோருக்கும் அந்த நான்கு என்ற எண் மனப்பாடம்.

காலையில் அவள் பெற்றோருக்கு மைக்கில் விதிகளை விளக்கினாள். அது அவளே தொடங்கிய வழக்கம். பிள்ளைகளுக்கு விதி தெரியும், பெற்றோருக்குத் தெரியாது, சண்டைக்கு வருபவர்கள் பெற்றோர்தான் என்பது அவளது அனுபவம்.

"எந்தக் கையால காயை நகர்த்துறாங்களோ அதே கையாலதான் கடிகாரத்தை அழுத்தணும்" என்றாள். "அழுத்தினா அவங்க நேரம் நிக்கும், எதிராளி நேரம் ஓடும்."

"அழுத்த மறந்துட்டா?" என்றார் கடைசி வரிசையில் ஒரு தாத்தா.

"இவங்க நேரமே ஓடிட்டிருக்கும். எதிராளி ஞாபகப்படுத்தணும்னு கட்டாயம் இல்ல. நீங்களும் வாயத் திறக்கக் கூடாது."

"என் பேரனுக்கு மூக்குக் கண்ணாடியையே நாந்தாம்மா ஞாபகப்படுத்தணும்."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு காயைத் தொடுவதற்கு வந்தாள். தன் காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் வெட்ட வேண்டும். கோணலாக இருக்கும் காயை நேராக்க வேண்டுமென்றால், தன் முறை வரும்போது, "சரி பண்றேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடலாம்.

"தொட்டுட்டு அப்புறம் சொன்னா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"அப்புறம் சொன்னா அது பொய். நம்ம வீட்டுலயும் அப்படித்தானே?"

மறுபடி சிரிப்பு. டிராவுக்கு வந்தாள். டிரா கேட்பதென்றால் காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம். செக் இல்லாமலேயே ராஜாவுக்கும் மற்ற காய்களுக்கும் நகர வழியில்லை என்றால் டிரா. இருவரிடமும் ராஜா மட்டும் மிஞ்சினால் டிரா.

"கொடி விழுந்தா?" என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் கேட்டாள். இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்தாள். மடியில் ஒரு நோட்டு, அதில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"கொடி விழுந்தா தோல்வி. அவ்வளவுதான்" என்றாள் கொடியக்கா.

அவ்வளவுதான் இல்லை. யாருடைய கொடி விழுந்ததோ அவர் தோற்றார் என்பது பாதி விதி. எதிராளியிடம் எப்படி ஆடினாலும் செக்மேட் செய்யவே முடியாத அளவுக்குக் காய்கள் தீர்ந்திருந்தால், உதாரணமாக வெறும் ராஜா மட்டுமே இருந்தால், அந்த ஆட்டம் டிரா என்பது மீதிப் பாதி. அது அவளுக்குத் தெரியும். போன வருடம் அதையும் சொன்னாள். ஒரு வங்கிக்காரர் எழுந்து நின்றார். "வெறும் ராஜான்னா சரி. கூட ஒரு குதிரை இருந்தா? ஒரு பிஷப் இருந்தா? ஒரு சிப்பாய் இருந்தா?" அவர் முடிப்பதற்குள் இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். முதல் சுற்று ஒரு மணி நேரம் தாமதமானது. விளையாட்டு ஆசிரியர், அவர்தான் போட்டி அமைப்பாளர், அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா விளக்குறீங்க. கொஞ்சம் கம்மியா விளக்குங்க" என்றார். இந்த வருடம் அவள் கம்மியாக விளக்கினாள். விளக்கம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை என்று இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

எளிமையை எல்லோரும் மெச்சுகிறோம். அது யாருக்கு எளிது என்று கேட்பது குறைவு. கேட்பவருக்கு எளிதாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, சொல்கிற நமக்கு எளிதாக்கிக்கொள்வது நடக்கக்கூடியதுதான். இரண்டையும் பிரிக்கும் கோடு உள்ளேயிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

ஆறாவது சுற்று மதியம் மூன்றரைக்குத் தொடங்கியது. மூன்றாம் பலகையில் நர்ஸின் மகளும் ஒரு பஸ் டிரைவரின் மகனும். இருவரிடமும் நான்கு நான்கு புள்ளிகள். வென்றால் ஐந்து, நான்கு பேரில் ஒருவராகத் தேர்வாவது உறுதி. தோற்றால் வீடு.

சுற்று முடியும் நேரத்தில் பதினோராம் பலகையில் ஒரு தகராறு. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றிக் கோட்டை கட்டும்போது ஒரு சிறுவன் ராஜாவைத் தொடுவதற்கு முன் யானையைத் தொட்டுவிட்டான். அந்த யானையோடு கோட்டை கட்ட இப்போது அனுமதியில்லை, யானையைத்தான் நகர்த்த வேண்டும் என்று அவள் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். அப்போது மூன்றாம் பலகையில் ஒரு கை உயர்ந்தது. டிரைவரின் மகன் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கியிருந்தான்.

"கொடி விழுந்துடுச்சா?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"ஆமாக்கா. அவளோடது."

"சரி. சீட்டுல முடிவு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க. காயை அடுக்கிடுங்க."

பத்தடி தூரம். அவள் போய்ப் பார்க்கவில்லை. பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் அவள் கண்ணில் பட்டது. தோற்ற பிள்ளைகள் அப்படித்தான் உட்காருவார்கள்.

சீட்டு வந்தது. இரண்டு கையெழுத்துகள், ஒன்று கோணலாக. டிரைவரின் மகனுக்கு ஐந்து புள்ளி, நான்காம் இடம். அவள் பட்டியலை எழுதிக் கதவில் ஒட்டினாள்.

தண்ணீர்க் குழாயடியில் கை கழுவப் போனபோது நர்ஸின் குரல் கேட்டது.

"அழாத பாப்பா. யாராச்சும் அழுவாங்களா இதுக்கு?"

"அவங்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா. வெறும் ராஜா. எங்கிட்ட யானை இருந்துச்சு, சிப்பாய் இருந்துச்சு. அது தோல்வி இல்ல, டிரா. நான் புஸ்தகத்துல படிச்சேன்."

"அப்ப அங்கேயே சொல்றதுதானே?"

"நீதானே சாப்பிடறப்ப சொன்ன, கொடி விழுந்தா தோல்விதான், அக்காவே மைக்குல சொல்லிட்டாங்க, நீ போய் எதுவும் வாதாடாதன்னு. நோட்டக் காமிச்ச."

நர்ஸ் திரும்பியபோது கொடியக்காவைக் கண்டாள். களைத்த முகத்தில் ஒரு மன்னிப்புச் சிரிப்பு வந்தது. "சின்னப் புள்ள, ஏதோ படிச்சுட்டு உளர்றா. நீங்க காலைல சொன்னது நல்லதாப் போச்சுக்கா. இல்லைன்னா அங்க உக்காந்து அடம் பிடிச்சிருப்பா."

கொடியக்கா குழாயை மூடினாள். உளறல் இல்லை, உன் பெண் சொல்வதுதான் விதி என்று அந்த நொடியே சொல்லியிருக்கலாம். "ம்" என்று மட்டும் சொன்னாள். அந்த "ம்" பிறகு அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது. காலையில் விட்டது சோம்பல் என்று சொல்லித் தப்பலாம். மதியம் போய்ப் பார்க்காதது வேலைப்பளு. இந்த "ம்"முக்கு அப்படி ஒரு பெயர் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவள் போட்டி அறைக்குத் திரும்பினாள். விளையாட்டு ஆசிரியர் கோப்பைகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல?" என்றார் அவர்.

"போட்டாச்சு."

"போட்டா அதுதானே முடிவு?"

"தப்பா இருந்தாலும் அதுதான் முடிவு, நடுவர் வேற மாதிரி தீர்மானிச்சா தவிர. அப்படித்தான் விதி."

"அப்ப நீங்க தீர்மானிக்காதீங்க! பலகையும் கலைச்சாச்சு. ஆதாரம் என்ன இருக்கு? அந்தப் பையங்கிட்டப் போய்க் கேட்பீங்களா? அவன் அப்பா பக்கத்துலயே நிக்கிறாரு, ஊருக்கே போன் போட்டுச் சொல்லிட்டிருக்காரு."

"கேட்கத்தான் வேணும்."

"அக்கா, உங்களுக்கு மனசு கேட்கலைன்னா வீட்டுக்குப் போய் அழுதுக்கங்க. இங்க கிளறாதீங்க."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. வாய்திறக்காமல் இருந்தால் ஒரு பிள்ளைக்கு மட்டும் வருத்தம். அந்தப் பிள்ளைக்கும் அம்மா ஆறுதல் சொல்லியாகிவிட்டது. பேசினால் இன்னொரு பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க வேண்டும். வருத்தங்களைக் கூட்டிக் கழித்தால் மௌனம்தான் மலிவு. அவள் அந்தக் கணக்கைக் கோப்பைகளின் அருகில் நின்று ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மௌனத்தில் தான் மட்டும் எந்த விலையும் கொடுக்காமல் வெளியே போவது தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு அந்த விடையில் சந்தேகம் வந்தது.

மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. காலைல நான் ஒரு விதியைப் பாதிதான் சொன்னேன். கொடி விழுந்தா தோல்வின்னு சொன்னேன். எதிராளியால எப்படியும் செக்மேட் பண்ண முடியாத நிலைமைன்னா அது டிரா. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. மூணாம் பலகை முடிவை நான் மறுபடி விசாரிக்கணும். ரெண்டு பிள்ளைகளும் மேசைக்கு வாங்க."

டிரைவர் காதிலிருந்து போனை எடுத்தார்.

இருவரும் வந்தார்கள். பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. கொடியக்கா பெண்ணிடம் முதலில் கேட்கவில்லை. மண்டியிட்டு, பையனின் உயரத்துக்கு இறங்கி, "தம்பி, கொடி விழுந்தப்ப உங்கிட்ட என்னென்ன காய் இருந்துச்சு?" என்றாள். கேட்கும்போதே, தன் தவற்றைச் சரிசெய்யும் பாரத்தை ஒரு பத்து வயதுப் பையனின் நாக்கில் வைப்பது புரிந்தது. ஐந்து புள்ளியைக் காப்பாற்ற அவனுக்கு ஒரு பொய் போதும். ஒரு குதிரை இருந்தது என்றால் யாராலும் மறுக்க முடியாது.

பையன் அப்பாவைப் பார்த்தான். அவருக்குக் கேள்வியே இன்னும் சரியாகப் புரியவில்லை.

"ராஜா மட்டும்தான்" என்றான்.

"வேற எதுவும் இல்லியா? சிப்பாய்கூட?"

"இல்லக்கா."

அவள் எழுந்தாள். முழங்காலில் தரைப்புழுதி. "மூணாம் பலகை டிரா. ஆளுக்கு அரைப்புள்ளி. ரெண்டு பேருக்கும் நாலரை."

நான்காம் இடம் ஒன்று, நாலரைப் புள்ளியில் இருவர். அப்படிச் சமமாக வந்தால் யாருடைய எதிராளிகள் கூடுதல் புள்ளி எடுத்தார்களோ அவர் மேலே என்று அறிவிப்பிலேயே இருந்தது. பெண் வலுவானவர்களோடு ஆடியிருந்தாள். கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாம் முறையும் கூட்டினாள். மாறவில்லை, பெண்தான் மேலே.

"அப்ப எம் பையன் போகலியா?" என்றார் டிரைவர்.

"இல்ல சார்."

"கதவுல பேர் போட்டிருக்கே?"

"நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன்."

"மேடம், நான் தினம் ஆயிரம் பேரை ஏத்தி இறக்குறேன். தப்பான நிறுத்தத்துல இறக்கிவிட்டுட்டு, ஐயோ தெரிஞ்சும் சொல்லலன்னு மைக்குல சொன்னா ஜனங்க என்னை விடுவாங்களா?"

"விட மாட்டாங்க சார்."

"பின்ன?"

வேண்டுமென்றால் மேல்முறையீடு எழுதித் தரலாம், படிவம் தருகிறேன் என்றாள். "படிவம்!" என்று அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் தன் பெண்ணை அணைத்தபடி ஓரமாக நின்றாள். மகிழ்வதற்கு அவளுக்கும் கூச்சமாக இருந்தது.

பரிசளிப்பு முடிந்து, கடிகாரங்களை அவள் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பையன் தனியாக வந்தான். அப்பா வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். குதிரை இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேனா?"

"எந்தக் குதிரை?"

"எங்கிட்ட கடைசியா ஒரு குதிரை இருந்துச்சு. அவளோட ரெண்டு சிப்பாய்ல ஒண்ணு கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாகற மாதிரி இருந்துச்சு. அவளுக்கு அரை நிமிஷம்தான் பாக்கி. குதிரையக் குடுத்து அந்தச் சிப்பாய வெட்டினேன். எதுக்குன்னா, கொடி விழுந்தா தோல்வின்னு காலைல நீங்க மைக்குல சொன்னீங்கல்ல, எப்படியும் அவ கொடி விழுந்துடும், அப்ப எனக்குக் காய் எதுக்குன்னு." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வெட்டாம குதிரைய ஓட விட்டிருந்தா?"

அவள் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. இவன் பொய் சொல்லவில்லை, கவனக்குறைவாகவும் ஆடவில்லை. அவள் சொன்ன விதியை நம்பி, அதற்குள் சரியாக யோசித்து, நல்ல ஆட்டமே ஆடியிருக்கிறான். அவள் சொன்ன விதி உண்மையாக இருந்திருந்தால் அந்தக் குதிரை பலி பாராட்டத்தக்கது. பெண்ணுக்கு அவள் நீதி செய்தாள் என்றால், அதே சீட்டில், அதே பேனாவால், இவனுக்கு அநீதி செய்தாள். இரண்டு பிள்ளைகளும் அவளைத்தான் நம்பினார்கள். எந்த முடிவை எழுதினாலும் ஒரு நம்பிக்கை வீணாகியிருக்கும். அதைத் திருத்த விதிப்புத்தகத்தில் இடம் இல்லை.

"தெரியல" என்று சொல்ல வாயெடுத்தாள். அது காலையில் சொன்ன "அவ்வளவுதான்" போன்ற இன்னொரு எளிமை.

"ஜெயிச்சிருப்ப" என்றாள். "குதிரை இருந்தா செக்மேட் வர ஒரு வழி இருக்குன்னு விதி எடுத்துக்கும். அவ ராணி பண்ணியிருந்தாலும், அரை நிமிஷத்துக்குள்ள உன்னை மேட் பண்ணலைன்னா, ஆட்டம் உனக்குத்தான்."

பலகை பையனின் தலைக்குள் ஓடியிருக்க வேண்டும். கண்கள் இடமும் வலமும் நகர்ந்தன.

"மேட் பண்ணியிருக்க மாட்டா" என்றான். "பலகையைப் பார்க்காம கடிகாரத்தையே பாத்துட்டிருந்தா அவ."

"சரி."

"எங்கப்பாகிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

அவன் போனான். வாசலில் டிரைவர் குனிந்து கேட்டார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றாள். அவர் பையனின் தலையில் கை வைத்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

விளையாட்டு ஆசிரியர் நடுவர் அறிக்கைப் படிவத்தைக் கொண்டுவந்தார். குறிப்புகள் என்ற தலைப்பின் கீழ் மூன்று கோடுகள். எல்லாப் போட்டிகளிலும் அவள் அங்கே "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

இப்போது எழுதினாள். மூன்றாம் பலகையின் முடிவு மாற்றப்பட்டது. காரணம், பெற்றோருக்கு நடுவர் அளித்த விளக்கம் முழுமையற்றது, தெரிந்தே சுருக்கப்பட்டது. கொடி விழுந்தபோது நடுவர் பலகையைப் பார்வையிடவில்லை.

ஆசிரியர் அவள் தோளுக்கு மேலாக வாசித்தார். "'தெரிந்தே'யையாவது அடிங்கக்கா. இதைப் பார்த்தா அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட வேண்டாம்."

"நல்ல நடுவர் கிடைக்கிறதே கஷ்டம்."

"நல்ல நடுவர் பத்தடி நடந்து போயிருப்பா சார்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு விளக்குகளை அணைக்கப் போனார். மூன்று கோடுகளும் நிரம்பியிருந்தன. குதிரையைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அவள் படிவத்தைத் திருப்பினாள். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், வாசல் வெளிச்சம் விழும் பக்கமாகத் தாளை நகர்த்தி, எழுதத் தொடங்கினாள்.